டாரட் கார்டும் டைரியும்: குறி கேட்காமல் எழுதிப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரட்னாலே எதிர்காலம் பார்க்கிறதுதானே? அதை வெச்சு டைரி எழுதறதுன்னா என்ன?

ஒரு சீட்டை உருவுகிறோம். அதில் வரைந்திருக்கும் படத்தைப் பார்க்கிறோம். நம் கண் படத்தின் எந்த இடத்தில் போய் நிற்கிறது, அது நம் வாழ்க்கையில் எதை ஞாபகப்படுத்துகிறது என்று எழுதுகிறோம். அவ்வளவுதான் வேலை. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பது சீட்டுக்குத் தெரியாது. நாம் இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. ஆனால் வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்தால் நான்காவது நாளே "இன்னிக்கு வேலை அதிகம், தலைவலி" என்ற பழைய வரிதான் வரும். நாம் தேர்ந்தெடுக்காத ஒரு படம் குறுக்கே வந்து விழுந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

கிளி ஜோசியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகப் புரியும். அங்கேயும் கிளி ஒரு படச் சீட்டை எடுத்துப் போடுகிறது. ஆனால் படத்துக்குப் பொருள் சொல்பவர் ஜோசியர், நாம் கேட்டுக்கொள்பவர். டைரி முறையில் பொருள் சொல்லும் ஆள் நாமேதான். எதிரில் யாரும் இல்லை.

குறி சொல்வது டாரட்டோடு கூடப் பிறந்ததும் இல்லை. இந்தச் சீட்டுக்கட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காக உருவானது. அது எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் 1781இல் எழுதினார். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில்தான் பாரிஸில் இதை வைத்துக் குறி சொல்வது பெரிதாகப் பரவியது. பிரான்ஸில் டாரட்டை இன்றைக்கும் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள்.

எந்தக் கட்டு வாங்கணும்? கடையில பத்து விதம் இருக்கு.

எழுதுவதற்கு என்றால் ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டு. 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஏ. ஈ. வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் மரணம், கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உள்ள 22 சீட்டுகள் பெரிய அர்கானா. மீதி 56 சிறிய அர்கானா, கோல், கிண்ணம், வாள், நாணயம் என நான்கு இனம்.

இந்தக் கட்டைச் சொல்வதற்குக் காரணம் சிறிய அர்கானாவில் உள்ள எண் சீட்டுகள். பழைய மார்செய் பாணிக் கட்டில் கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணங்களை அடுக்கி, கொஞ்சம் பூவேலையோடு வரைந்திருப்பார்கள், ஆளோ காட்சியோ இருக்காது. ஸ்மித் வரைந்த கிண்ணம் ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. தூரத்தில் ஆறு, பாலம், அக்கரையில் ஒரு கட்டடம். படத்தில் ஒரு ஆள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தால்தான் "இவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?" என்று நாம் கேட்க முடியும்.

"உன்னை நம்பு", "எல்லாம் சரியாகும்" என்று வாசகம் அச்சிட்ட அழகான கட்டுகள் இந்த வேலைக்கு உதவாது. நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே அந்த வாசகம் யோசனையை முடித்துவைத்துவிடும். போனில் செயலி பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான், படத்துக்குக் கீழேயே பொருள் வந்து நிற்கும். செயலிதான் வசதி என்றால் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பொருளை வெட்டிவிட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்ததும் என்ன செய்யணும்? படிப்படியா சொல்லுங்க.

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நோட்டு, பேனா, கட்டு, போனில் டைமர் போதும். மெழுகுவத்தியும் பட்டுத் துணியும் தேவையில்லை. வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

முதலில் தேதியையும் கேள்வியையும் எழுதுங்கள். சீட்டை எடுத்த பிறகு கேள்வியை மாற்றக் கூடாது என்பதால்தான் அதை முன்பே எழுதிவிடுவது. பிறகு கலையுங்கள். டாரட் சீட்டு சாதாரண சீட்டைவிடப் பெரிது, கையில் வைத்துக் கலைத்தால் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் பிரியாமல் கொத்தாகவே நகரும். மேஜையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் கோலமாவைக் கிளறுவது போலக் கிளறுங்கள். ஒன்றை எடுத்து, தலைகீழாக வந்தால் நேராகத் திருப்பி வையுங்கள். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பொருள் சொல்வது குறி சொல்பவர்களின் முறை. இங்கே அது படத்தைப் பார்க்க இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

முதல் ஐந்து நிமிடம் வர்ணனை மட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "சோகமாக நிற்கிறார்" என்பது வர்ணனை இல்லை, "தலை குனிந்திருக்கிறது" என்பதுதான் வர்ணனை. இந்த ஐந்து நிமிடம் அலுப்பாக இருக்கும், பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். தாண்டினால் முறையே கெட்டுவிடும். ஏனென்றால் முதல் பார்வையில் படும் விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் படத்தின் மூலையில் கண்ணில் படும் சின்ன விஷயம்தான் பெரும்பாலும் உதவுகிறது.

அடுத்த மூன்று நிமிடம், கண் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதுங்கள். ஒரே ஒரு இடம் போதும். அதன் பிறகு பத்து நிமிடம், அந்த இடத்தையும் உங்கள் கேள்வியையும் சேர்த்து நிறுத்தாமல் எழுதுங்கள். கடைசி இரண்டு நிமிடம், இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஒரே வரியில் எழுதுங்கள். எந்த நாள், யாரிடம், என்ன என்பது அதில் இருக்க வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கணும்?

"ஆம்", "இல்லை" என்று விடை வரும் கேள்வியும், இன்னொருவர் மனதுக்குள் இருப்பதைக் கேட்கும் கேள்வியும் வேண்டாம். "அவர் என்னைப் பத்தி என்ன நினைக்கிறார்?" என்று கேட்டால் நாம் எழுதுவது நம் பயத்தையோ ஆசையையோதான், ஆனால் அவர் மனதைப் படித்துவிட்டதாக நினைத்து எழுந்துபோவோம். அதையே "அவர்கிட்ட நான் எதைக் கேட்கத் தயங்குறேன்?" என்று மாற்றுங்கள். இதற்கான விடை உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறது.

ஒரு சீட்டை எடுத்து முழுசா செஞ்சு காட்ட முடியுமா?

இப்படி வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கேயே ஒரு வேலை வந்திருக்கிறது. அவர் முதலில் எழுத நினைத்த கேள்வி "கோயம்புத்தூர் போனா நல்லா இருக்குமா?" அதை அடித்துவிட்டு "போறதைப் பத்தி நினைக்கும்போதெல்லாம் நான் எதை நினைக்காம தவிர்க்கிறேன்?" என்று எழுதுகிறார். வந்த சீட்டு வாள் ஆறு.

அவருடைய வர்ணனை: "ஒரு படகு. பின்னால நின்னுக்கிட்டு ஒருத்தர் கோல் ஊன்றித் தள்றார். போர்த்திக்கிட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கு, பக்கத்துல ஒரு குழந்தை. மூணு பேருமே நமக்கு முதுகு காட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. வலது பக்கம் தண்ணில அலை, இடது பக்கம் அலை இல்லை. தூரத்துல கரை. படகுல ஆறு வாள், முனை கீழ இருக்க நட்டு வெச்சிருக்கு."

கண் நின்ற இடம்: "வாள். அது ஏன் படகுக்குள்ள இருக்கு? அடிப்பலகையில குத்தி நிக்குற மாதிரி இருக்கு. பிடுங்கினா ஓட்டை வழியா தண்ணி வந்துடும். அதனால அப்படியே வெச்சுக்கிட்டுப் போறாங்க."

பத்து நிமிட எழுத்தில் முதலில் சம்பளம் வந்தது, பிறகு வீட்டு வாடகை, பிறகு சென்னைத் தோழிகள். ஆறாவது நிமிடத்தில் இந்த வரி வந்தது: "வாள்னா அண்ணன். வீட்டுப் பத்திரம் பத்தி பேச்சு வந்ததிலிருந்து பேசலை. அங்க போனா தினமும் பார்க்கணும். பிடுங்கவும் பயம், வெச்சுக்கவும் முடியலை."

கடைசி வரி: "சனிக்கிழமை காலைல அண்ணனுக்கு போன். பத்திரம் பத்தி இல்லை. அம்மா கண் ஆபரேஷன் தேதி மட்டும்."

கோயம்புத்தூர் போவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யவில்லை. வேலையைப் பற்றியது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த தயக்கத்தில் பாதி அண்ணனைப் பற்றியது என்று தெரிந்தது. இனி இரண்டையும் தனித்தனியாக யோசிக்கலாம். இன்னொருவருக்கு இதே சீட்டு வந்தால் குழந்தையிடமோ, முகம் தெரியாத அந்த ஆளிடமோ கண் போய் நிற்கலாம். அவருடைய பக்கம் முற்றிலும் வேறாக இருக்கும், அதுவும் சரியே.

கூடவே வர்ற சின்னப் புத்தகத்துல அர்த்தம் இருக்கே, அதைப் படிக்க வேண்டாமா?

படிக்கலாம். எழுதி முடித்த பிறகு. வாள் ஆறுக்கு வழக்கமாகச் சொல்லும் பொருள், கஷ்டத்தைத் தாண்டி அமைதியான இடத்துக்குப் போவது. மேலே சொன்ன பெண் அதை முதலில் படித்திருந்தால், "ஆமா, போகச் சொல்லுது" என்று மூன்று வரியில் நோட்டை மூடியிருப்பார். அண்ணன் வந்திருக்கவே மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. பொதுவாக எழுதிய எந்த வாசகமும் நமக்காகவே எழுதியது போலத் தோன்றும். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, தேர்வு வைத்துக் கணித்த தனித்தனி குணச்சித்திரம் என்று சொல்லி ஒரே வாசகத்தைக் கொடுத்தார். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. கையேட்டின் வரி "அப்படியே பொருந்துகிறது" என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எவருக்கும் பொருந்தும் வரி உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. "அம்மா கண் ஆபரேஷன் தேதி" எல்லோருக்கும் பொருந்தாது.

பெரிய அர்கானாச் சீட்டுகளில் படத்துக்குக் கீழே பெயர் அச்சிட்டிருக்கும். அதையும் வர்ணனை முடியும்வரை ஒரு துண்டுத் தாளால் மறைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு கவனமா இருந்தாலும் எழுத எழுத ஜோசியமாவே ஆயிடுது. எப்படிக் கண்டுபிடிக்கறது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து, "உம்" என்று முடியும் வினைகளை வட்டமிடுங்கள்: நடக்கும், கிடைக்கும், தீரும், வரும், மாறும். "பழமும் பாலும்" என்பதில் வருகிற "உம்" கணக்கில் சேராது. "அவன் தினமும் வரும் நேரம்" போன்றவையும் சேராது. இனி நடக்கப் போவதைச் சொல்லும் வினைகள் மட்டும்.

ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. ஐந்தாறு இருந்தால் பக்கம் குறி சொல்லத் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் "எனக்கு வேணும்" அல்லது "எனக்குப் பயம்" என்று முடியும்படி திருத்திப் பாருங்கள். "சீக்கிரம் கல்யாணம் நடக்கும்" என்பது "கல்யாணம் நடக்கணும்னு எனக்கு ஆசை" என்றாகலாம். "நடக்காம போயிடுமோன்னு பயம்" என்றும் ஆகலாம். இரண்டில் எது உண்மை என்று யோசிக்கும் அந்த நொடியில்தான் டைரி வேலை செய்கிறது.

அதேபோல "கார்டு சொல்லுது" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு "எனக்குத் தோணுது" என்று போடுங்கள். சொன்னது கார்டு என்றால் மறுத்துப் பேச முடியாது. தோன்றியது நமக்கு என்றால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிடிக்காத சீட்டு வந்ததும் இன்னொன்று எடுப்பதும் இதே நோய்தான். நல்ல பதில் வரும்வரை கேட்கிறோம் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு சீட்டு. பிடிக்கவில்லை என்றால் "இது ஏன் பிடிக்கலை?" என்பதையே எழுதுங்கள்.

ஒரே கார்டு திரும்பத் திரும்ப வருது. அதுக்கு ஏதோ அர்த்தம் இருக்குமில்ல?

கணக்கு வேறு சொல்கிறது. 78 சீட்டையும் தினமும் நன்றாகக் கலைத்து ஒன்று எடுத்தால், 11 நாளுக்குள் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாவது முறை வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். ஒரு மாதம் தொடர்ந்து எடுத்தால் ஒரு சீட்டுகூட மறுபடி வராமல் இருப்பதுதான் அபூர்வம். வாரத்துக்கு மூன்று தடவை அதே சீட்டு வந்தால் பெரும்பாலும் கலைப்பதில்தான் குறை. நேற்று எடுத்ததைக் கட்டின் மேலேயே வைத்துவிட்டு இரண்டு தடவை புரட்டியிருப்போம்.

ஆனாலும் மறுபடி வந்த சீட்டு டைரிக்கு நல்ல வரவு. பழைய பக்கத்தைப் பார்க்காமல் புதிதாக வர்ணியுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் மாறவில்லை, கண் நின்ற இடம் மாறியிருக்கும். இரண்டு வாரத்தில் உங்களுக்குள் என்ன மாறியது என்பதை அந்த வித்தியாசம் காட்டிக்கொடுக்கும்.

மரணம்னு ஒரு கார்டு இருக்காமே. அது வந்தா என்ன பண்றது?

வர்ணியுங்கள். கவசம் அணிந்த எலும்புக்கூடு ஒரு வெள்ளைக் குதிரையில் வருகிறது. கையில் கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ரோஜா. அரசன் விழுந்து கிடக்கிறான், ஒரு மதகுரு நின்று கைகூப்புகிறார், ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஒரு குழந்தை நேராகப் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். இந்த நால்வரில் நான் யார் மாதிரி நடந்துகொள்கிறேன் என்று கேட்டால் ஒரு பக்கம் தானாக நிரம்பும்.

ஆனால் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், அந்தச் சீட்டைக் கட்டிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வாள் பத்து, இடி விழும் கோபுரம், இவற்றையும் எடுக்கலாம். 75 சீட்டில் எழுதினால் முறை கெட்டுப்போகாது.

கண்ணை மூடித்தான் எடுக்கணுமா? படத்தைப் பார்த்து நானே எடுத்தா?

தாராளமாக. குறி கேட்கவில்லை என்றால் தற்செயலுக்குப் புனிதம் எதுவும் இல்லை. என்ன எழுதுவது என்றே தெரியாத நாளில் கவிழ்த்து எடுங்கள். ஒரு உணர்ச்சி நெஞ்சை அடைத்துக்கொண்டு பெயர் சொல்ல வராத நாளில், சீட்டுகளை முகம் தெரியப் பரப்பி "இப்ப நான் இப்படித்தான் இருக்கேன்" என்று ஒன்றை எடுங்கள். கூடவே "இப்படி இருந்தா போதும்" என்று இன்னொன்று. இரண்டு படத்துக்கும் நடுவில் என்ன வேறுபாடு என்று எழுதுங்கள்.

எழுதினா லேசாகும்னு சொல்றாங்க. எனக்கு எழுத எழுத இன்னும் பாரமாகுது.

இரண்டு விதமான பாரம் உண்டு. மனதில் கிடந்ததை வெளியே எடுக்கும்போது அன்றைக்குச் சற்று வருத்தமாக இருப்பது இயல்பு, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இன்னொன்று செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றுவது. கடைசி மூன்று பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். அதே ஆள், அதே சண்டை, "எனக்கு மட்டும் ஏன்?" என்ற அதே வரி மூன்றிலும் இருந்தால் அது சுற்றல்தான்.

அப்போது இரண்டு மாற்றம் செய்யுங்கள். "ஏன்" என்ற சொல்லை விலக்கி "என்ன", "எப்போது", "யார்" என்று கேளுங்கள். கூடவே "நான்" என்பதற்குப் பதில் படத்தில் இருக்கும் ஆளை வைத்து, "அவள்", "அவன்" என்று எழுதுங்கள். "கிண்ணத்துக்கு முன்னால நிக்குறவள் எதைப் பார்க்காம இருக்கா?" என்று எழுதும்போது, தோழிக்கு யோசனை சொல்வது போன்ற ஒரு தூரம் கிடைக்கும்.

அப்படியும் தூக்கம் கெட்டால், உயிரை விடும் எண்ணம் வந்தால், கட்டை மூடி வைத்துவிட்டு ஒரு ஆளோடு பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் மனநல உதவி கிடைக்கும். அங்கே சீட்டு செய்ய முடியாததைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எழுதின பக்கங்களை என்ன பண்றது?

நான்கு வாரம் திரும்பிப் பார்க்காதீர்கள். பிறகு ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, கண் நின்ற இடங்களை மட்டும் ஒரு தனித் தாளில் வரிசையாக எழுதுங்கள்: வாள், பாலம், திரும்பியிருக்கும் முகம், மூடிய கண், தூரத்து வீடு. எந்தச் சீட்டு என்பது முக்கியமில்லை. பட்டியலில் ஒரே மாதிரி இடங்கள் மூன்று நான்கு தடவை வந்திருந்தால் அடுத்த மாதத்தின் முதல் கேள்வியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதே தாளில் இன்னொரு பக்கம் ஒவ்வொரு நாளின் கடைசி வரியையும் எழுதி, செய்ததற்கு நேரே ஒரு டிக் போடுங்கள். பாதிக்கு மேல் டிக் இல்லையென்றால் வரிகள் பெரிதாக இருந்திருக்கின்றன. "அண்ணனோட சமாதானம் ஆகணும்" என்ற வரிக்கு டிக் விழாது. "சனிக்கிழமை போன்" என்பதற்கு விழும்.